எச்.டி. குரல் எங்கே மெலிந்து போகிறது?

மனிதப் பேச்சின் ஒலி ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸில் தொடங்கி 8,000 ஹெர்ட்ஸைத் தாண்டியும் பரவியிருக்கிறது. தொலைபேசி மிக நீண்ட காலம் அதில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான நடுப்பகுதியை மட்டுமே அனுப்பிவந்தது. ஒரே கம்பியில் பல உரையாடல்களை அடுக்கி அனுப்ப வேண்டியிருந்த காலத்தில், ஒவ்வோர் உரையாடலுக்கும் 4,000 ஹெர்ட்ஸ் இடம் ஒதுக்கப்பட்டது. பேச்சு புரிந்தால் போதும், அது இயல்பாக ஒலிக்க வேண்டியதில்லை என்பதே அன்றைய கணக்கு.

தொலைபேசி எண்முறைக்கு மாறியபோதும் அந்தக் கணக்கு மாறவில்லை. 1972-ல் வகுக்கப்பட்ட ஜி.711 என்ற தரநிலை, குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறது. ஒரு திசைக்கு நொடிக்கு 64 கிலோபிட் ஆகிறது. நொடிக்கு 8,000 முறை அளந்தால் 4,000 ஹெர்ட்ஸுக்கு உட்பட்ட ஒலியை மட்டுமே பதிய முடியும். அதற்கு மேலான ஒலி உள்ளே நுழைந்தால் பதிவையே குழப்பிவிடும் என்பதால், அது முன்கூட்டியே வடிகட்டப்படுகிறது. வடிகட்டிக்கும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். ஆகவே நடைமுறையில் 3,400-லேயே குரல் முடிந்துவிடுகிறது.

இந்த வெட்டு இரண்டு பக்கமும் விழுகிறது, இரண்டின் விளைவும் வேறு வேறு. ஆண்குரலின் அடிநாதம் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸை ஒட்டியும், பெண்குரலின் அடிநாதம் 200-ஐ ஒட்டியும் இருக்கும். இரண்டுமே 300-க்குக் கீழே இருப்பதால் இரண்டுமே தொலைகின்றன. ஆனாலும் பேசுவது ஆணா பெண்ணா என்பது தெரிகிறது. மேலே உள்ள ஒலிகளின் இடைவெளியைக் கொண்டு மூளை அந்த அடிநாதத்தை ஊகித்துக்கொள்கிறது. இழப்பு பொருளில் இல்லை, குரலின் கனத்தில்தான். நன்கு பழகிய குரல்கூடத் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பதற்கு இதுவே காரணம்.

மேல்பக்க வெட்டு பொருளையே தொடுகிறது. உயிரெழுத்துகளின் அடையாளம் பெரும்பாலும் 3,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். ஆனால் ‘ஸ’ போன்ற உரசொலியின் வலு 4,000-க்கு மேல்தான் குவிந்திருக்கிறது. ‘ஃப’ அதைவிட மெலிதாக, எங்கும் பரவிக் கிடக்கிறது. 3,400-க்கு மேல் வெட்டினால் இரண்டும் ஏறத்தாழ ஒரே மங்கலான சீறலாகிவிடும். பான் அட்டை எண்ணையோ மின்னஞ்சல் முகவரியையோ போனில் சொல்லும்போது ‘எஸ் ஃபார் சேலம்’ என்று ஊர்ப்பெயரைத் துணைக்கு அழைக்க வேண்டியிருப்பது இதனால்தான். நேருக்கு நேர் பேசும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லை. வாக்கியத்தில் வரும் சொல்லைச் சூழலைக் கொண்டு ஊகிக்கலாம். தனி எழுத்துக்கும் முன்பின் அறியாத பெயருக்கும் அந்த உதவி கிடையாது.

எச்.டி. குரல் எனப்படுவது இந்த இரண்டு வெட்டுகளையும் தளர்த்துவது. குரலை நொடிக்கு 16,000 முறை அளந்து, 50 முதல் 7,000 ஹெர்ட்ஸ் வரை அனுப்புகிறார்கள். இதற்கு ‘அகலப்பட்டை’ என்றும் பழைய முறைக்குக் ‘குறும்பட்டை’ என்றும் பெயர். எண்ணம் புதிதல்ல. 1988-லேயே ஜி.722 என்ற அகலப்பட்டைத் தரநிலை வந்துவிட்டது. ஆனால் அதற்கு நொடிக்கு 64 கிலோபிட் வரை தேவைப்பட்டது. வானலையில் இடம் சொற்பமாக உள்ள செல்பேசிக்கு அது கட்டுப்படியாகாது. அகலமான குரலைச் சிறிய பொட்டலமாகச் சுருக்கும் கோடெக் வந்த பிறகே எச்.டி. குரல் கைபேசிக்கு வந்தது.

கோடெக் என்பது ஒரு முனையில் குரலைச் சுருக்கி, மறுமுனையில் விரிக்கும் கணக்குமுறை. செல்பேசியின் பேச்சுக் கோடெக்குகள் ஒலியலையை அப்படியே படம் பிடிப்பதில்லை. பேச்சு எப்படிப் பிறக்கிறதோ அதைப் பின்பற்றுகின்றன. தொண்டையில் ஓர் அதிர்வோ காற்றுச் சீறலோ எழுகிறது. வாய், நாக்கு, உதடு ஆகியவற்றின் வடிவம் அதை ஒரு குறிப்பிட்ட ஒலியாக மாற்றுகிறது. கோடெக் குரலை 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டுகிறது. அந்தக் கணத்தில் வாயின் வடிவம் என்ன, அதிர்வின் இடைவெளி என்ன, எஞ்சிய ஒலிக்கு இருமுனைக்கும் பொதுவான அட்டவணையில் எந்த வரிசை மிக அருகில் வருகிறது என்ற விவரங்களை மட்டும் அனுப்புகிறது. மறுமுனை அந்தக் குறிப்பைக் கொண்டு குரலைப் புதிதாகத் தயாரிக்கிறது. காத்திருக்கும்போது ஒலிக்கும் பாட்டு செல்பேசியில் கரகரவென்று சிதைவதும் இதனால்தான். வயலினுக்குத் தொண்டையும் உதடும் கிடையாது.

குறும்பட்டையில் இந்த வேலையைச் செய்வது ஏ.எம்.ஆர். என்ற கோடெக். அதன் அகலப்பட்டை வடிவமான ஏ.எம்.ஆர்.-டபிள்யூ.பி. 2001-ல் செல்பேசித் தரநிலையானது. இன்று எச்.டி. அழைப்பு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான். ஏ.எம்.ஆரின் உச்ச வேகம் நொடிக்கு 12.2 கிலோபிட்; அதாவது 20 மில்லிநொடித் துண்டு ஒன்றுக்கு 244 பிட். அகலப்பட்டையில் பரவலாகப் பயன்படும் வேகம் 12.65 கிலோபிட், துண்டுக்கு 253 பிட். வித்தியாசம் ஒன்பதே பிட். அந்த ஒன்பது பிட்டில் குரலின் அகலம் இரட்டிப்பாகிறது. பழைய ஜி.711 அதே 20 மில்லிநொடிக்கு 1,280 பிட் செலவழிக்கிறது; கொடுப்பதோ பாதி அகலம். பின்னால் வரப்போகும் சிக்கலுக்கு இந்த எண்கள்தான் அடிப்படை.

கோடெக் இதில் ஒரு தந்திரமும் செய்கிறது. அது கவனமாகக் கணக்கிடுவது 6,400 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்கு மேல் 7,000 வரையிலான பகுதியை, கேட்கும் முனையில் வெறும் இரைச்சலைக் கொண்டு பொருத்தமாக நிரப்பிவிடுகிறது. அந்த உயரத்தில் பேச்சு பெரும்பாலும் சீறலாகவே இருப்பதால் காதுக்கு வேறுபாடு தெரிவதில்லை. சிக்னல் பலவீனமானால் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளவும் இதற்குத் தெரியும். மொத்தம் ஒன்பது வேகங்கள், 6.6-லிருந்து 23.85 கிலோபிட் வரை. அடித்தட்டு வேகத்தில் அகலம் இருக்கும், தெளிவு இருக்காது. 2014-ல் தரநிலையான ஈ.வி.எஸ். என்ற அடுத்த கோடெக், காதுக்கு எட்டும் உச்சமான 20,000 ஹெர்ட்ஸ் வரை போகக்கூடியது.

ஆரஞ்சு நிறுவனம் 2009-ல் மால்டோவா நாட்டில் முதல் வணிகரீதியான எச்.டி. குரல் சேவையைத் தொடங்கியது. இந்தியாவில் அது பெரிய அளவில் வந்தது 2016 செப்டம்பரில் ஜியோவின் வருகையோடு. அந்த நிறுவனத்துக்கு 2ஜி, 3ஜி கிடையாது. குரலும் 4ஜி தரவாகவே செல்லும் வோல்ட்டி முறையில்தான் அன்று அதன் அழைப்புகள் நடந்தாக வேண்டியிருந்தது. மற்ற பெரிய நிறுவனங்களும் அடுத்த ஆண்டுகளில் வோல்ட்டிக்கு வந்தன. ஆக இரு முனையிலும் 4ஜி, இரு கைபேசியிலும் எச்.டி. கோடெக். ஆயினும் ஒரே நிறுவனத்துக்குள் பேசும்போது கணீரென்று இருக்கும் குரல், வேறு நிறுவனத்துக்குப் போகும்போது பல நேரங்களில் மெலிகிறது.

ஒரே நிறுவனத்துக்குள் நடப்பதை முதலில் பார்க்கலாம். அழைப்பு கிளம்பும்போதே, அழைக்கும் போன் தனக்குத் தெரிந்த கோடெக்குகளை விருப்ப வரிசையில் பட்டியலிட்டு அனுப்புகிறது. அந்தப் பட்டியலின் சாரம் இப்படி இருக்கும்:

```
m=audio 49152 RTP/AVP 96 97 98
a=rtpmap:96 EVS/16000
a=rtpmap:97 AMR-WB/16000
a=rtpmap:98 AMR/8000
```

முதல் விருப்பம் ஈ.வி.எஸ்., இரண்டாவது அகலப்பட்டை ஏ.எம்.ஆர்., எதுவும் ஒத்துவராவிட்டால் பழைய ஏ.எம்.ஆர். கோடுக்குப் பின் வரும் எண் நொடிக்கு எத்தனை மாதிரி என்ற கணக்கு. எதிர்முனைப் போன் இவற்றில் தனக்கும் தெரிந்த ஒன்றைத் தேர்ந்து பதில் அனுப்புகிறது. அதன்பின் ஒரு போன் சுருக்கிய துண்டை இடையில் யாரும் பிரிப்பதில்லை. 253 பிட் பொட்டலம் அப்படியே போய், மறுமுனைப் போனில்தான் திறக்கப்படுகிறது.

இரு நிறுவனங்களுக்கு நடுவில் இந்தப் பொட்டலம் கடக்க வேண்டிய ஒரு வாசல் உண்டு. இந்தியத் தொலைத்தொடர்பில் அதற்கு ‘பாயின்ட் ஆஃப் இன்டர்கனெக்ட்’, சுருக்கமாக பி.ஓ.ஐ. என்று பெயர். ஒரு நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சும் இன்னொன்றின் எக்ஸ்சேஞ்சும் கம்பி வழியே சந்திக்கும் இடம் அது. மரபாக அங்கே போடப்படுவது ஈ1 என்ற இணைப்பு. நொடிக்கு 2,048 கிலோபிட் கொண்ட அது, தலா 64 கிலோபிட் உள்ள 32 தடங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வழக்கமாக அவற்றில் 30 தடங்கள் பேச்சுக்கு. ஒரு தடத்தில் ஒரு குரல், ஜி.711 வடிவில். நெட்வொர்க்கின் உட்புறம் எவ்வளவு நவீனமானாலும், இந்த வாசலில் 1972-ன் விதி செல்லும். ஜியோ வந்த புதிதில், தங்கள் அழைப்புகளுக்குப் போதிய பி.ஓ.ஐ. கிடைக்கவில்லை என்று பெரிய தகராறு எழுந்து, டிராய் 2016 அக்டோபரில் மூன்று நிறுவனங்கள்மீது மொத்தம் ரூ.3,050 கோடி அபராதத்துக்குப் பரிந்துரைத்தது. 4ஜி மட்டுமே கொண்ட ஒரு நிறுவனத்தின் அழைப்புகள் ஈ1 எண்ணிக்கையில் பேரம் பேசப்பட்டன என்பதே நிலைமையைச் சொல்லும்.

மதுரையில் ஒரு நிறுவனத்தின் சிம்மிலிருந்து சென்னையில் மற்றொரு நிறுவனத்தின் சிம்முக்கு ஓர் அழைப்பு போவதாகவும், இடையில் இருப்பது ஈ1 வாசல் என்றும் வைத்துக்கொள்ளலாம். மதுரைப் போன் குரலை நொடிக்கு 16,000 முறை அளக்கிறது. 20 மில்லிநொடித் துண்டில் 320 மாதிரிகள் சேர்கின்றன. அவை 253 பிட்டாகச் சுருங்கி, கோபுரம் வழியே நிறுவனத்தின் மையத்துக்கும் அங்கிருந்து வாசலுக்கும் வருகின்றன. வாசலில் நிற்பது மீடியா கேட்வே என்ற கருவி. அது பொட்டலத்தைத் திறந்து 320 மாதிரிகளையும் விரிக்கிறது. அடுத்த பக்கம் செல்லும் தடத்தில் 160-க்குத்தான் இடம். எனவே 4,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை வடிகட்டி எறிந்துவிட்டு, எஞ்சியதை 160 மாதிரியாக்கி, ஒவ்வொன்றையும் 8 பிட்டில் எழுதுகிறது. 1,280 பிட் கொண்ட பெரிய பொட்டலம் கிளம்புகிறது, உள்ளே பாதிக்குரல். சென்னைப் பக்கத்துக் கேட்வே அதை வாங்கி, வானலைக்குத் தோதாக மீண்டும் சுருக்கி, போனுக்கு அனுப்புகிறது.

இந்தப் பயணத்தில் இழப்பு இரண்டு. பெரியது அகலத்தின் இழப்பு. சிறியது, ஒரு முறை சுருக்கி விரித்ததை மறுபடி சுருக்குவதால் வரும் மங்கல். முதல் கோடெக் ஊகித்து வரைந்த குரலையே இரண்டாவது கோடெக் மூலக்குரலாக எண்ணி, அதை மறுபடி ஊகிக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு துண்டு முழுதாகச் சேரும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதால் தாமதமும் கூடுகிறது. இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்துவது கூடுதலாக நிகழும்.

ஒரு வேடிக்கையும் இதில் நடக்கலாம். சென்னைப் பக்கத்துக் கேட்வே, வந்த பாதிக்குரலை அகலப்பட்டைக் கோடெக்கில் போட்டு அனுப்பத் தடையில்லை. அப்படி அனுப்பினால் சென்னைப் போனின் திரையில் ‘HD’ என்ற அடையாளம் தெரியும். மதுரைப் போனிலும் தெரியும், அதுவும் கேட்வே வரை எச்.டி.யில்தான் பேசுகிறது. இரு திரையிலும் எச்.டி., இரு காதிலும் தகர டப்பா. அந்த அடையாளம் சொல்வது போனுக்கும் அதன் சொந்த நெட்வொர்க்குக்கும் இடையே எந்தக் கோடெக் ஓடுகிறது என்பதை மட்டுமே. வாசலில் வெட்டப்பட்ட மேல்பகுதியை மீட்க எந்தக் கோடெக்காலும் முடியாது. சில கருவிகள் கீழ்ப்பகுதியைக் கொண்டு மேல்பகுதியை ஊகித்து ஒட்டுவதுண்டு. குரல் கொஞ்சம் பிரகாசமாகத் தோன்றும். ஆனால் ‘ஸ’வா ‘ஃப’வா என்பது அந்த ஊகத்துக்கும் தெரியாது.

பழைய தடத்தை வைத்துக்கொண்டே எச்.டி.யைக் கடத்தும் வழியொன்றைப் பொறியாளர்கள் வகுத்திருக்கிறார்கள். ஜி.711-ன் ஒவ்வொரு 8 பிட் மாதிரியிலும் கடைசி இரண்டு பிட் மிக நுண்ணிய வேறுபாட்டைக் குறிப்பவை. அவற்றைத் திருடினால் குரலில் லேசான இரைச்சல் மட்டுமே கூடும். நொடிக்கு 8,000 மாதிரி, மாதிரிக்கு இரண்டு பிட் என்றால் 16 கிலோபிட். 12.65 கிலோபிட் கொண்ட எச்.டி. பொட்டலம் அதற்குள் அடங்கிவிடும். ‘டேண்டம் ஃப்ரீ ஆபரேஷன்’ எனப்படும் இந்த முறையில், இரு கேட்வேக்களும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டு ஒளித்துவைத்த பொட்டலத்தைப் பரிமாறிக்கொள்கின்றன. அழகான ஏற்பாடுதான், ஆனால் அற்பக் காரணத்துக்கும் உடையும். வழியில் உள்ள எதிரொலி நீக்கியோ ஒலி அளவைச் சரிசெய்யும் கருவியோ ஒரு பிட்டைத் தொட்டாலும் பொட்டலம் கெட்டுவிடும். இந்தியாவும் ஐரோப்பாவும் பயன்படுத்தும் ஜி.711 வகைக்கும் அமெரிக்க வகைக்கும் இடையே மாற்றினாலும் அதே கதி. இரண்டு நிறுவனங்களின் கருவிகளும் இம்முறையை ஆதரிக்கவும் வேண்டும்.

முறையான தீர்வு, வாசலையே இணைய நெறிமுறைக்கு மாற்றுவது. ஈ1 தடங்களுக்குப் பதிலாக இரு நிறுவனங்களின் எல்லையிலும் ‘செஷன் பார்டர் கன்ட்ரோலர்’ என்ற கருவிகள் நின்று, கோடெக் பட்டியலையும் குரல் பொட்டலத்தையும் பிரிக்காமல் கைமாற்றிக்கொள்ளலாம். அப்போது மதுரைப் போனின் பட்டியல் சென்னைப் போனுக்கே போய்ச் சேரும். ஆனால் வாசல் இணைய நெறிமுறையில் இருப்பதாலேயே எச்.டி. வந்துவிடாது என்பது பலரும் கவனிக்காத இடம். எல்லைக் கருவி போகிற பட்டியலைத் திருத்தும் அதிகாரம் கொண்டது. சிக்கல் வேண்டாம், எல்லோருக்கும் தெரிந்த கோடெக் போதும் என்று நிர்வாகி அமைத்திருந்தால், மேலே கண்ட பட்டியல் எல்லையைத் தாண்டும்போது இவ்வளவாகக் குறுகிவிடும்:

```
m=audio 31000 RTP/AVP 8
a=rtpmap:8 PCMA/8000
```

இதில் ‘PCMA’ என்பது அதே ஜி.711. கம்பி புதிது, உள்ளே ஓடும் குரல் 1972-ன் குரல்.

அப்படி அமைப்பதற்கு வெறும் சோம்பல் மட்டும் காரணமல்ல. ஒரே கோடெக்கைப் பேசும் இரு கருவிகளுக்கு இடையிலும் உள்விவரங்கள் ஒத்துப்போக வேண்டும்: எந்தெந்த வேகங்கள் அனுமதி, பிட்டுகளை எப்படி அடுக்குவது என்பவை. ஒரு பக்கம் அனுப்பும் வேகத்தை மறுபக்கம் ஏற்காவிட்டால் குரல் மெலிவதற்குப் பதில் முற்றிலும் மௌனமாகிவிடும். அழைப்பு இணைந்தும் சத்தமே இல்லை என்ற புகாரைவிட மெலிந்த குரல் நிறுவனத்துக்குச் சிறிய தொல்லை. ஜோடி ஜோடியாக எல்லா நிறுவனங்களும் இந்த விவரங்களைப் பேசி, சோதித்து, கணக்கு வழக்கையும் சட்டப்படியான ஒட்டுக்கேட்பு ஏற்பாட்டையும் புதிய வாசலுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். செலவு இரு பக்கமும் விழும். பலன் போட்டியாளரின் வாடிக்கையாளருக்கும் சேர்த்தே கிடைக்கும். தங்கள் நெட்வொர்க்குக்குள் எச்.டி. தருவதில் காட்டும் வேகம் வாசலில் தளர்வதற்கு இந்தக் கணக்கு முக்கியக் காரணம். வாட்ஸ்அப் போன்ற செயலிகளின் அழைப்பு சிம்மின் நிறுவனம் எதுவானாலும் கனமாக ஒலிப்பதும் இதனால்தான். இரு முனையிலும் ஒரே செயலி இருப்பதால் அந்தக் குரல் பி.ஓ.ஐ. பக்கமே போவதில்லை.

மெலிந்த குரலுக்கெல்லாம் வாசலே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. எதிர்முனையில் இருப்பது லேண்ட்லைனோ பழைய 2ஜி போனோ என்றால் குரல் குறும்பட்டையாகவே இருக்கும். வாடிக்கையாளர் சேவை மையங்களின் அமைப்புகளும் பெரும்பாலும் அப்படியே. போனில் வோல்ட்டி அணைந்திருந்தால், அழைப்பு எடுத்தவுடன் 4ஜி அடையாளம் மறைந்து 2ஜி வரும். பயணத்தில் 4ஜி எல்லையைத் தாண்டும்போது அழைப்பு அறுபடாமல் 2ஜிக்கு மாற்றப்படுவதும் உண்டு. பேச்சின் நடுவே குரல் சட்டென்று சுருங்குவது அந்தக் கணத்தில்தான். ப்ளூடூத் ஒலிவாங்கிகள் இன்னொரு தனிக்கதை. போனுக்கும் காதுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு தூரத்துக்குத் தனிக் கோடெக் உண்டு. பழைய கருவிகளில் அது குறும்பட்டைதான். 2011-க்குப் பிந்தைய தரநிலையைப் பின்பற்றும் கருவிகளிலேயே அகலப்பட்டை உண்டு. பழைய ஹெட்செட்டும் பழைய கார் ஸ்பீக்கரும் நல்ல எச்.டி. அழைப்பைக் கடைசி ஒரு மீட்டரில் கெடுத்துவிடும்.

எது குற்றவாளி என்று கண்டுபிடிக்க ஒரு எளிய சோதனை போதும். ப்ளூடூத்தை அணைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டு, எதிர்முனையில் இருப்பவரை நீளமாக ‘ஸ்ஸ்ஸ்’ என்றும் பிறகு ‘ஃப்ஃப்ஃப்’ என்றும், எது எதுவென்று முன்கூட்டிச் சொல்லாமல், மாற்றி மாற்றிச் சொல்லச் செய்ய வேண்டும். அகலப்பட்டையில் முதலாவது கூர்மையாகவும் இரண்டாவது மென்மையாகவும் தெளிவாகப் பிரிந்து கேட்கும். குறும்பட்டையில் இரண்டும் ஒரே ஊதலாகக் கலந்துவிடும். முதலில் அதே நிறுவனத்தின் சிம் உள்ள எண்ணோடும், பிறகு வேறு நிறுவனத்து எண்ணோடும், எல்லாப் போன்களும் 4ஜியில் இருக்கும்போது செய்து பார்க்கலாம். எண்ணின் முதல் இலக்கங்களைக் கொண்டு நிறுவனத்தை ஊகிக்கக் கூடாது. எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி வந்தபின் அது பொருந்தாது. முதல் அழைப்பில் பிரிந்து கேட்டது இரண்டாவதில் கலந்து, இரு திரையிலும் ‘HD’ தெரிந்தால் குரல் வெட்டப்படும் இடம் வாசல். முதல் அழைப்பிலேயே கலந்தால், இரு போன்களின் அமைப்புகளிலும் வோல்ட்டி இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பயனர் தம் கையால் சரிசெய்யக்கூடியது அந்த ஒன்றும் ஹெட்செட்டும்தான். வாசலில் நடப்பதை மாற்ற இரு நிறுவனங்களும் உடன்பட வேண்டும்.